எண்பத்தாறு மில்லிமீட்டர்

தன்னார்வலர்களிடம் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதும், மழையிடம் குடையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வதும் ஒன்றுதான் என்பது ஸ்கேல் அக்காவின் முடிவான கருத்து. ஏழு வருட அனுபவம் சொல்லவைத்தது. அச்சகத்தில் கணினிக்கு முன் உட்கார்ந்து பக்கம் வடிவமைக்கிறவள் அவள். மேசை இழுப்பறையில் முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் கிடக்கும். விசிட்டிங் கார்டானாலும் பில் புத்தகமானாலும் அதை வைத்து அளக்காமல் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அவள் சேர்ந்திருந்த அமைப்பின் பெயர் ‘பக்கத்து நாற்காலி’. பெரிய மருத்துவமனையின் பொது வார்டுகளில், வந்து பார்க்க ஆளில்லாத நோயாளிகளின் படுக்கையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதுதான் அதன் வேலை. மருந்து கொடுப்பதில்லை, புத்தி சொல்வதில்லை. உட்காருவது, அவ்வளவுதான். பிழைத்து எழுந்து போனால் சந்தோஷம். இல்லையென்றால், போகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு மனித முகமாவது இருக்கும். முப்பத்தெட்டு தன்னார்வலர்கள். சின்னமும் நாற்காலிதான்: வட்டத்துக்குள் ஒரு நாற்காலி, கீழே பெயர்.

அந்த நாற்காலி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் அதைப் பச்சையில் அடித்தார், கேட்டால் பச்சை மங்களகரம் என்றார். இன்னொருவர் வட்டத்தை எடுத்துவிட்டு இதயம் வரைந்தார். தையல்காரர் இருக்கிறாரே, அவர் போன வருடம் பேனருக்காகச் சின்னத்தை அகலவாக்கில் மட்டும் பிடித்து இழுத்ததில், நாற்காலி சோபாவாகிவிட்டது. நான்கு பேர் உட்காரலாம் போல இருந்தது. அன்றிலிருந்து குழுவில் அவருக்கு ‘இழுவை அண்ணன்’ என்று பெயர். அவரும் சிரித்துக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டார். கோபம் என்பது அவருக்குத் தைக்க வராத உடுப்பு.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் எவனோ ஒருவன் அமைப்பின் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கைப்பேசிகளை வாரிக்கொண்டு போனான். மருத்துவமனை நிர்வாகம் தலைவரைக் கூப்பிட்டது. அவர் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஆளாளுக்கு ஒரு மாதிரி அட்டை போட்டுட்டு வந்தா எங்க காவலாளி எதை வெச்சு ஒரிஜினல்னு கண்டுபிடிப்பான்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. முடிவு இப்படி ஆனது: அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு பக்கத்தில் வழிகாட்டி. தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, வாசலில் காவலாளியிடம் ஒரு பிரதி. திங்கட்கிழமை முதல், தாளோடு பொருந்துகிற அட்டைக்கு மட்டும்தான் கதவு திறக்கும்.

ஸ்கேல் அக்கா ஏழு வருடமாகக் காத்திருந்த வேலை இது. மூன்று நாள் உட்கார்ந்தாள்.

தாளில் முதலில் சின்னத்தைச் சுற்றிய வெற்றிடம். நாற்காலி இருக்கையின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு இடத்தை நான்கு பக்கமும் காலியாக விட வேண்டும். அந்த எல்லைக்குள் எழுத்து, படம், கோடு எதுவும் வரக்கூடாது. அடுத்து மிகக் குறைந்த அளவு. தாளில் அச்சிட்டால் இருபது மில்லிமீட்டர் அகலம், திரையில் எண்பது பிக்சல். அதற்குக் கீழே போனால் நாற்காலியின் நான்கு கால்களும் ஒட்டிப்போய் உரல் மாதிரி தெரியும். பிறகு நிறங்கள்: கருநீலம், கடுகு மஞ்சள். அச்சுக்கு நான்கு மை எண்கள் தனியாக, திரைக்கு ஆறு எழுத்துக் குறியீடு தனியாக. வெள்ளைத் தாளில் மஞ்சளால் எழுதக்கூடாது. எழுத்துரு இரண்டே இரண்டு, தலைப்புக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. இரண்டும் இல்லாத கணினியில் எதைப் பயன்படுத்துவது என்று ஒரு வரி. செய்யக்கூடாதவை என்று நான்கு சின்னப் படங்கள். அதில் ஒன்று சோபா. கடைசியாக, மருத்துவமனை கேட்டதற்காக, அடையாள அட்டையின் உருவம் அசல் அளவில்: எண்பத்தாறு மில்லிமீட்டர் அகலம், ஐம்பத்துநான்கு உயரம். காவலாளி அட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தால் போதும். விளிம்போடு விளிம்பு பொருந்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள். மருத்துவமனை அலுவலகத்துக்கும் அதே கோப்பு போனது. தலைவர் ஒரு வரியில் பதில் போட்டிருந்தார்: “ஒரு பக்கத்தில் உலகத்தையே அடக்கிவிட்டாய் அம்மா.” அதை அவள் இரண்டு முறை படித்தாள்.

ஞாயிறு சாயங்காலம் தையல்காரர் போன் பண்ணினார்.

“தங்கச்சி, அட்டை அடிச்சாச்சு. நம்ம கடைக்கு எதிர்த்தாப்புல இருக்கிற பையன் கம்ப்யூட்டர்ல. நீ சொன்ன மாதிரியே. டேப்பு வெச்சு அளந்துட்டேன், எட்டு புள்ளி ஆறு, அஞ்சு புள்ளி நாலு.”

“மூலையைப் பிடிச்சுத்தானே இழுத்தீங்க?”

“இழுக்கவே இல்லம்மா. அந்தப் பாவத்தை நான் மறுபடி செய்வேனா?”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார்.

“நம்ம டிரைவர் ரொம்ப மோசமாயிட்டாரு. நர்ஸம்மா சொன்னாங்க, நாளைக்குத் தாண்டினா பெருசுன்னு. நான் இருப்பேன்னு வாக்குக் குடுத்துருக்கேன். காலையில கதவு தொறக்கும்போதே போயிடுவேன்.”

டிரைவர் என்பவர் இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்கள் இருக்கிற ஊரும் மறந்துபோனது. ஆறாவது வார்டில் ஜன்னலோரக் கடைசிப் படுக்கையில் ஈரல் கெட்டுப் படுத்திருந்தார். ஏழு வாரமாகத் தையல்காரர்தான் அவருடைய நாற்காலி. உடம்பு கரையக் கரைய அவருக்குச் சட்டை தொளதொளத்துப்போனது. “யோவ் தையக்காரரே, சும்மா உக்காந்து என் மூஞ்சியைப் பாக்குறதுக்குச் சட்டையைப் பிடிச்சுக் குடுய்யா, போற எடத்துக்காவது அளவாப் போட்டுட்டுப் போறேன்” என்று அவர் சொல்ல, இவர் வாராவாரம் பக்கத்தையல் போட்டுப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை பிடிக்கும்போது, “இனிமே பிடிச்சா பட்டன் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்யா” என்றாராம். இருவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டியிருக்கிறார். தனியாக ராத்திரி ராத்திரியாக வண்டி ஓட்டினவர். டிரைவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கடைசியில மட்டும் பக்கத்து சீட்டுல ஆள் இருக்கணும்.”

திங்கட்கிழமை காலை எட்டு ஐந்துக்கு ஸ்கேல் அக்கா அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

“தங்கச்சி, உள்ள விடமாட்டேங்குறாங்க.” தையல்காரரின் குரலில் பதற்றத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. “தாள் மேல அட்டையை வெச்சுப் பாத்தாரு. பெருசா இருக்காம். வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதாம்.”

“எவ்வளவு?”

“அரை சென்டி இருக்கும்.”

அரை சென்டிமீட்டர். அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு பழைய அலுப்பு வந்து உட்கார்ந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரு குழந்தைகூடத் தப்புப் பண்ண முடியாதபடி எழுதிக் கொடுத்தாயிற்று. முதல் நாளே அரை சென்டிமீட்டர்.

“லேமினேஷன் ஓரத்தை வெட்டாம விட்டிருப்பீங்க அண்ணே. உறை ஓரம் சேராமன்னு தெளிவாப் போட்டிருக்கேன்ல.”

“ஓரத்தைச் சுத்தமா வெட்டிட்டேன்மா.”

“அப்போ அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ இழுத்திருக்கு.”

“நான் அளந்தேனே தங்கச்சி.”

“துணி அளக்குற டேப்பு வேற, இது வேற அண்ணே. துணியில ஒரு நூல் முன்னப்பின்ன இருந்தா உடம்பு சரிபண்ணிக்கும். இங்க யாரு சரிபண்ணுவா?”

தையல்காரர் முப்பது வருடம் அளவெடுத்தே சோறு தின்றவர். ஆனால் சோபா விவகாரத்துக்குப் பிறகு, சின்னம் என்று வந்துவிட்டால் தன் கண்ணையே நம்பாதவராகிவிட்டார்.

“நர்ஸம்மாவுக்குப் பேசினேன்” என்றார். “அவங்க கேட்டுக்கு இன்டர்காம் போட்டுச் சொன்னாங்க. காவலாளி, கண்காணிப்பாளர் கையெழுத்து வேணும்குறாரு. கண்காணிப்பாளர் பத்து மணிக்குத்தான் வருவாராம். டிரைவர் கேட்டுக்கிட்டே இருக்காராம்மா.”

“நேரா கடைக்கு வாங்க. நான் அடிச்சுத் தர்றேன். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம்.”

போனை வைத்தபோது குழுவில் ஒரு செய்தி வந்து கிடந்தது. நான்காவது வார்டுக்குப் போகும் டீச்சரம்மா எழுதியிருந்தார்: ‘அட்டை தாளுக்கு வெளியே நிற்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்ய?’ ஸ்கேல் அக்கா நின்றவாக்கிலேயே பதில் அடித்தாள்: ‘தாளில் எல்லாம் இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறையாவது முழுசாகப் படிக்கவும்.’ கீழே மூன்று பேர் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள்.

தையல்காரர் வந்து சேர்ந்தபோது மணி எட்டு முப்பத்தைந்து. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்திருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, குற்றவாளி கைவிலங்குக்கு மணிக்கட்டை நீட்டுகிற மாதிரி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். மஞ்சளில் லேசாகப் பச்சை அடித்தது. சாதா பிரிண்டரில் அப்படித்தான் வரும். பிழை ஒன்று கண்ணில் பட்டதும் மனம் அமைதியாகிவிட்டது. ஒன்று தப்பென்றால் மற்றதும் தப்பாகத்தான் இருக்கும்.

“பாத்தீங்களா, கலரே சரியில்ல” என்றாள். அட்டையை அளக்கவில்லை. இழுப்பறை ஒரு முழ தூரத்தில் இருந்தது, ஸ்கேல் அதற்குள் இருந்தது. அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

கோப்பைத் திறந்தாள், கெட்டித் தாளை எடுத்து மெஷினில் வைத்தாள், நூறு சதவீதம் என்று பார்த்து அச்சைக் கொடுத்தாள். வெட்டும் இயந்திரத்தில் நான்கு பக்கமும் வெட்டினாள். இப்போது ஸ்கேலை எடுத்தாள். எண்பத்தாறு. ஐம்பத்துநான்கு. சின்னம் இருபத்திரண்டு, சுற்றிலும் இருக்கை உயரத்துக்கு வெற்றிடம். ஒரு முடியளவு பிசகில்லை. லேமினேட் பண்ணி, ஓரத்தை வெட்டி, துளை போட்டு, கயிறு கோத்தாள். தையல்காரர் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னாள், மாட்டேன் என்று தலையசைத்தார்.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, காலங்காத்தால இழுவையா?”

“இழுவைதான் அய்யா” என்று தையல்காரர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அட்டையை வாங்கிக்கொண்டு ஓடினார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பஸ் நிறுத்தத்துக்குத் தெருமுனையில் திரும்பும்வரை அவர் ஓடுவது தெரிந்தது. இப்படி ஓடவேண்டியிருக்கிறதே என்று அவள் பரிதாபப்பட்டாள். தன்மேல் இல்லை, அவருடைய கவனக்குறைவின்மேல் வந்த பரிதாபம்.

ஒன்பது ஐந்துக்கு மறுபடியும் போன்.

“தங்கச்சி, இதுவும் நீட்டிக்கிட்டு நிக்குது.”

“எவ்வளவு?” என்றாள்.

“அதே அரை சென்டி. இது நீ அடிச்சதும்மா. நான் ஒண்ணும் பண்ணல. கழுத்துல மாட்டினேன், கழட்டிக் குடுத்தேன், அவ்வளவுதான்.” தன்மேல் பழி வந்துவிடக்கூடாதே என்கிற பயம் அந்தக் குரலில் இருந்தது.

இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்து, முதலில் தென்பட்ட ஆட்டோவில் ஏறினாள். போகிற வழியெல்லாம் கை அந்த எஃகுத் தகட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. எதை அளக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. தொழில் தெரிந்தவர்களுக்குச் சில விஷயங்கள் ஒரே தட்டில் தெரிந்துவிடும். தெரிகிற நேரம்தான் தப்பு.

மருத்துவமனை வாசலில் கண்ணாடிக் கூண்டு. காவலாளி இளைத்த மனிதர், பெரிய தொப்பி. மேசையில் கண்ணாடிக்கு அடியில் அவளுடைய தாள் இருந்தது. தையல்காரர் கூண்டுக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முன்னால் வந்தார்.

“இந்தத் தாளை எழுதினது நான்தான். ஒரு நிமிஷம் அளந்துக்கிறேன்.”

“தாராளமா அளங்கம்மா. எனக்கு யார்மேலயும் கோவம் இல்ல” என்றார் காவலாளி. “தாள்ல பொருந்தினா உள்ள, பொருந்தலைன்னா வெளிய. எனக்குச் சொல்லியிருக்கிறது அவ்வளவுதான். காலையில மூணு பேரு வந்தாங்க, மூணும் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. எல்லாரும் சேந்து ஏமாத்துறாங்களோன்னு நெனச்சேன்.”

அவர் கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்துக் கொடுத்தார். அட்டை உருவத்தின்மேல் அவள் ஸ்கேலை வைத்தாள்.

எண்பத்தொன்று.

உயரம் ஐம்பத்தொன்றுக்கு ஒரு இழை குறைவு. சின்னத்தின் மிகக் குறைந்த அளவுக்கு உதாரணமாக அவள் வைத்திருந்த இருபது மில்லிமீட்டர் நாற்காலியை அளந்தாள். பத்தொன்பதுகூட இல்லை. அதற்குப் பக்கத்திலேயே ‘இருபது மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது’ என்று கருநீலத்தில், சரியான எழுத்துருவில், அழகாக எழுதியிருந்தது. சட்டம் சொல்லும் தாளே சட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

அலுவலகத்தில் யாரோ கோப்பைத் திறந்து, அச்சு என்று அழுத்தியிருக்கிறார்கள். ‘தாளுக்குப் பொருத்து’ என்கிற கட்டம் தானாகவே டிக் ஆகியிருக்கும், எல்லாக் கணினியிலும் அது அப்படித்தான் இருக்கும். இயந்திரம் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, முழுப் பக்கத்தையும் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலாகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறது. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியதால் எதுவும் கோணவில்லை, நசுங்கவில்லை. பார்க்கிற கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. அளந்தால் மட்டுமே தெரியும்.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா? வருடத்துக்கு இருபது வாடிக்கையாளராவது இதே தப்போடு வந்து நிற்பார்கள். அதனால்தான் அளவு முக்கியமான எந்தத் தாளிலும் அவள் அடியில் ஒரு கோடு போடுவாள்: ‘இந்தக் கோடு சரியாகப் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் நூறு சதவீதத்தில் மறுபடி அச்சிடவும்.’ இந்தத் தாளிலும் போட்டிருந்தாள். வியாழக்கிழமை இரவுவரை அது இருந்தது. பிறகு சோபா படத்தைச் சேர்த்தபோது அடியில் இடம் பத்தவில்லை. கோடு மேலே நகர்ந்து சின்னத்தின் வெற்றிடத்துக்குள் போய் முட்டியது. பக்கத்தை இரண்டாக்க முடியாது, ஒரு பக்கம் என்று சொல்லியாயிற்று. வெற்றிடம் விடச் சொல்லுகிற தாளிலேயே வெற்றிடம் விடவில்லையென்றால் ஊர் சிரிக்கும். சோபாவா, கோடா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். சோபா வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் சிரிப்பார்கள், இழுவை அண்ணனும் சிரிப்பார் என்று நினைத்தாள். கோட்டை எடுத்துவிட்டாள்.

“தாள் தப்பு” என்றாள் காவலாளியிடம். ஸ்கேலைக் காட்டினாள். “அட்டையோட அளவு இங்க எண்ணுலயே எழுதியிருக்கு, பாருங்க, எண்பத்தாறு. படம் எண்பத்தொண்ணு இருக்கு. அச்சு எடுக்கும்போது சுருங்கிடுச்சு.”

காவலாளி குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“எண்ணைப் பாக்கச் சொல்லலியேம்மா. வெச்சுப் பாக்கத்தானே சொன்னாங்க.”

“ஆமா. நான்தான் அப்படிச் சொன்னேன்.”

அவர் தையல்காரரின் அட்டையை ஸ்கேலில் தானே வைத்துப் பார்த்தார். எண்பத்தாறு. கதவைத் திறந்துவிட்டார். “போங்கண்ணே. போங்க சீக்கிரம்.”

அவர்கள் போனார்கள். மருந்துச்சீட்டு வரிசையைத் தாண்டி, லிஃப்டுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துப் படியேறி, மூன்றாம் மாடியில் நீளமான தாழ்வாரத்தில் வேகமாக நடந்தார்கள். தையல்காரர் இரண்டடி முன்னால். ஆறாவது வார்டின் கதவைத் தள்ளியதும் அவருடைய நடை நின்றது.

ஜன்னலோரப் படுக்கையைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது.

நர்ஸ் அவர்களைப் பார்த்துவிட்டு ஊசித் தட்டை வைத்துவிட்டு வந்தார். நாற்பது படுக்கைக்கு ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்த பெண்மணி.

“ஒம்போது இருபதுக்கு” என்றார்.

தையல்காரர் தலையாட்டினார். ஏதோ விலாசம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி.

“ரொம்ப நேரமா வாசப்பக்கமே பாத்துட்டிருந்தாரு. தையக்காரர் வந்தாச்சான்னு மூணு தடவ கேட்டாரு. வந்துட்டே இருக்காருன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் கையைப் பிடிச்சிட்டு நின்னேன்யா, பொய் சொல்லல. அதுக்குள்ள பன்னண்டாம் பெட்டுல ஃபிட்ஸ் வந்துடுச்சு. போயிட்டுத் திரும்பி வந்தா...” நர்ஸ் நிறுத்திக்கொண்டார். “எனக்கு ரெண்டு கைதானே இருக்கு.”

“உங்கமேல என்ன சிஸ்டர் தப்பு” என்றார் தையல்காரர். “என் அட்டைதான் சரியில்லாமப் போச்சு. ஒழுங்கா அடிச்சுட்டு வந்திருக்கணும். நான் எப்பவும் இப்படித்தான், எதையாவது இழுத்து வெச்சுடுவேன். மன்னிச்சுக்கங்க.”

ஸ்கேல் அக்கா பின்னால் நின்று இதைக் கேட்டாள். வாசலில் அவள் ஸ்கேலைக் காட்டிப் பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கதவு திறந்தது மட்டுமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது என்பதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை. அவர் அந்தப் பழியோடு சிரித்துப் பழகிவிட்டவர். இன்னொரு பழி அவர் தோளில் ஏறினால் எடைகூடத் தெரியாது. அந்த எண்ணத்தோடு இரண்டு மூச்சு நின்றாள்.

“அண்ணே.”

அவர் திரும்பினார்.

“உங்க அட்டை சரியாத்தான் இருந்துச்சு. காலையில கொண்டுவந்ததும். ரெண்டுமே சரி. தாளுதான் தப்பு. நான் போடவேண்டியதைப் போடாம விட்டுட்டேன். அதைவிட, எட்டு மணிக்கு நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்.”

தையல்காரர் அவளையே பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் முகத்தில் வந்தது கணக்கு. எட்டு ஐந்திலிருந்து ஒன்பது இருபது வரை, பஸ், ஓட்டம், கடையில் நின்ற நேரம், சுவரோரம் நின்ற நேரம், எல்லாவற்றையும் ஒருமுறை அளந்து முடித்தார்.

“அளந்தேன்னு சொன்னேனேம்மா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திரையை விலக்கி உள்ளே போனார். அவள் திரைக்கு வெளியிலேயே நின்றாள். விலகிய இடுக்கில், படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி இருப்பது தெரிந்தது. அதன்மேல் யாரோ போர்வையை மடித்து வைத்திருந்தார்கள். அவர் போர்வையை எடுத்துக் கால்மாட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கைப்பேசி துடித்தது. தலைவர். தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தாள்.

“காவலாளி சொன்னாராம்மா, நிர்வாகத்துல இருந்து பேசினாங்க. நல்லவேளை, முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. ஒண்ணும் பெரிய விஷயமில்லன்னு சொல்லிட்டாங்க. வேற தாள் அடிச்சு, நூறு சதவீதம்னு ஒரு வரி சேத்து சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடு. ஒரு பக்கத்தைத் தாண்டாமப் பாத்துக்கோ.”

“அய்யா, டிரைவர் போயிட்டாரு.”

“ஓ. எப்போ?”

“ஒம்போது இருபது.”

“இழுவை கூட இருந்தாரில்ல?”

“இல்ல அய்யா.”

தலைவர் நல்ல மனிதர். எல்லோரும் நல்லவர்கள்தான், காவலாளி நல்லவர், நர்ஸ் நல்லவர், அச்சு என்று அழுத்திய அலுவலகத்து ஆளும் யாருக்கும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார். தடுக்கிவிட்ட கல்லைத் தேடிக்கொண்டு போனால், அது அவள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. “அப்புறம் பேசுறேன்மா” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

குழுவில் அவள் காலையில் அனுப்பிய செய்தி அப்படியே இருந்தது. தயவுசெய்து ஒருமுறையாவது முழுசாகப் படிக்கவும். இப்போது கைகூப்பும் பொம்மைகள் ஒன்பது ஆகியிருந்தன. அதற்குக் கீழே டீச்சரம்மா: ‘மன்னிக்கவும் அக்கா. என் தவறுதான். நாளை சரியாகக் கொண்டுவருகிறேன்.’ அதை அழிக்க விரல் போனது. அழிக்கவில்லை. ‘தவறு உங்களுடையதல்ல. தாள் தவறு. என் தவறு’ என்று எழுதி அனுப்பினாள்.

வார்டுக்குள் திரும்பியபோது நர்ஸ் ஒரு படிவத்தோடு படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பிணவறைக்குக் கொண்டுபோகிற ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் காத்திருந்தார்கள். நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டங்களை நிரப்பினார். வயது, படுக்கை எண், நேரம். பேனா ஒரு கட்டத்தில் நின்றது.

“இறக்கும்போது உடனிருந்தவர்னு கேட்டிருக்கு” என்றார். தையல்காரரைப் பார்த்தார். “உங்க பேரைப் போட்டுடவா? ஏழு வாரமா நீங்கதானே இருந்தீங்க. யாரு கேக்கப் போறா?”

தையல்காரர் டிரைவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வேணாம் சிஸ்டர்” என்றார். “யாரும் இல்லைன்னு எழுதுங்க.”

நர்ஸ் எழுதினார். கட்டம் சின்னது. இரண்டு சொல்லும் அதற்குள் அடங்கிவிட்டன.